சம்பவ அறிக்கை: ஃபார்மிக் ஆசிட் தெறிப்பு

இடம்: ரப்பர் பால் ஆய்வுக்கூடம், சுங்கை சிப்புட்
நேரம்: செவ்வாய், காலை 9.40

பால் உறைய வைக்கும் 2 சதவீதக் கரைசலுக்காக உதவியாளர் 90 சதவீத ஆசிட் புட்டியைத் திறந்தார். 'புஸ்' என்று சீறித் தெறித்து, கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடைப்பட்ட மணிக்கட்டில் பட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவி, கிளினிக்குக்கு அனுப்பினோம். 50 காசு அளவில் கொப்புளம்.

காரணம் (பெரும்பாலும்): அடர் ஃபார்மிக் ஆசிட் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு விடும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். புட்டி வெயில்படும் சன்னலோரம் இருந்தது. வாயு வெளியேறும் மூடி உடைந்ததால் சாதாரண மூடி போட்டிருந்தார்கள். உதவியாளர்மேல் குற்றமில்லை.

நடவடிக்கை: சன்னலோரப் புட்டிகள் இன்றே நிழலறைக்கு மாற்றப்பட்டன. வாயுத்துளை மூடி இல்லாத புட்டியைத் திறக்கக்கூடாது. இனி புகைக்கூண்டுக்குள் மட்டும், முகக்கவசத்துடனும் நீளக் கையுறையுடனும் திறக்க வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும்.