ஜூனியர் நேர்காணல்: மதுரை கே.கே.நகர், மாலை ஏழு மணி

மாவட்ட நீதிமன்றத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில்தான் எங்கள் அலுவலகம். வந்தவர் உசிலம்பட்டிப் பெண், வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருடம். கேட்டது சீனியர், குறிப்பெடுத்தது, இங்கே ஏழு வருடமாகக் கட்டு தூக்கும் நான்.

சீனியர்: உட்காருங்கம்மா. இதுவரை என்னென்ன பார்த்தீர்கள்?

ஜூனியர்: பெரும்பாலும் முன்சீப் கோர்ட் சார். உறுத்துக்கட்டளை, பாகப்பிரிவினை, கொஞ்சம் செக் கேஸ். ஹைகோர்ட் கிளையில் சீனியரோடு போய் நின்றிருக்கிறேன், பேசியதில்லை.

சீனியர்: சாட்சி விசாரித்தது?

ஜூனியர்: முதல் விசாரணை நான்கு. குறுக்கு விசாரணை ஒன்றே ஒன்று, வி.ஏ.ஓ.வை. அடங்கலில் பயிர் என்ன என்று இருக்கிறது என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

சீனியர்: மேற்கொண்டு ஏன் கேட்கவில்லை?

ஜூனியர்: வேண்டிய பதில் வந்துவிட்டது சார். இன்னொன்று கேட்டால் கெடுத்துக்கொள்வேன் என்று பயம்.

(சீனியர் தலையசைத்தார். நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று சாட்சிகளைப் பலி கொடுத்தேன்.)

சீனியர்: செக் கேஸ் என்றீர்களே. செக் திரும்பிய வங்கி மெமோ மார்ச் 3. நோட்டீஸ் ஏப்ரல் 1 அனுப்பினோம், எதிரிக்கு ஏப்ரல் 5 கிடைத்தது. எப்போது பிராது போடலாம்?

ஜூனியர்: நோட்டீஸ் 30 நாளுக்குள் போயிருக்கிறது, சரி. எதிரி பணம் கட்டப் பதினைந்து நாள் ஏப்ரல் 20-ல் முடிகிறது. 21-லிருந்து ஒரு மாதம். 20-ஆம் தேதியே போட்டால் முந்திப் போட்டதாகிவிடும், செல்லாது.

சீனியர்: அது மே மாதத்தில் முடியும். கோர்ட் லீவாயிற்றே?

ஜூனியர்: லீவு சிவிலுக்குத்தான் சார். மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும்.

அப்புறம் ஜூனியர் கொண்டுவந்த பிராதைச் சீனியர் கையில் எடுத்தார். கட்சிக்காரர் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துக்கொண்டு வந்திருந்தார் அந்தப் பெண். அது எனக்குப் பிடித்தது. மேலூர்ப் பக்கம் பதினெட்டு சென்ட் காலிமனை, அதில் பிரதிவாதி தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை. சீனியர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போய்ச் சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் படித்தார்.

சீனியர்: எல்லை சரியாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தீர்களா?

ஜூனியர்: போனேன் சார். பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால். இப்போது அங்கே தார் ரோடு. இரண்டையும் எழுதினேன்.

சீனியர்: நல்லது. ஆனால் ஏழாவது பத்தியில், பிரதிவாதி பதில் நோட்டீஸில் சொத்தே தன்னுடையது என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உரிமையையே மறுத்த பிறகு, காலிமனைக்கு வெறும் உறுத்துக்கட்டளை எப்படி நிற்கும்?

ஜூனியர்: நிற்காது சார். அனதுலா சுதாகர் தீர்ப்பு, 2008. சொத்து எங்கள் கட்சிக்காரருடையது என்ற விளம்புகையும் கேட்டிருக்க வேண்டும்.

சீனியர்: தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?

இந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஜூனியர்: விளம்புகை கேட்டால் சந்தை மதிப்பில் பாதிக்குக் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். கட்சிக்காரருக்குக் கட்டாது, பிறகு திருத்த மனு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. பிராது எழுதியது நான். தீர்ப்பைக் காட்டி இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.

பழைய அலுவலகத்தை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சீனியர் பேனாவை மூடி வைத்தார்.

சீனியர்: சரி, இப்போது நான்தான் முன்சீப். வாதி சாட்சி கூண்டில் நிற்கிறார். நீங்கள் பிரதிவாதி தரப்பு, உங்கள் சீனியர் ஒத்தக்கடையில் ஹைகோர்ட்டில் இருக்கிறார். ஐந்தாவது வாய்தா. பேசுங்கள்.

ஜூனியர்: கனம் கோர்ட்டார் அவர்களே, சீனியர் உயர் நீதிமன்றக் கிளையில்...

சீனியர்: அது என் பிரச்சினையா? போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். குறுக்கு விசாரணை இல்லை என்று முடித்துவிடுகிறேன்.

ஜூனியர்: மதியம் வரை பாஸ் ஓவர் கொடுங்கள் ஐயா. அதற்குள் அவர் வராவிட்டால் நானே விசாரிக்கிறேன். கட்டு படித்திருக்கிறேன்.

சீனியர்: படித்திருப்பீர்களா?

ஜூனியர்: ஒரு தடவை படிக்காமல் போய் மாட்டினேன் சார். கோர்ட்டில் முடித்துவிட்டார்கள். எங்கள் தப்பில்லை என்று குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அப்புறம் சாட்சியை மறுபடி அழைக்க மனு போட்டு, செலவுத் தொகை கட்டி வாங்கினோம். அந்தத் தொகை என் கையிலிருந்து போகவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி தூக்கமில்லை. அதிலிருந்து வாய்தா கேட்கப் போனாலும் கட்டைப் படித்துவிட்டுத்தான் போகிறேன்.

சீனியர்: உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?

ஜூனியர்: தனியாகப் பேச எப்போது விடுவீர்கள்?

சீனியர் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன்: முதல் ஆறு மாதம் நம்பரும் வாய்தாவும், பிறகு இடைக்கால மனுக்கள், முழு சாட்சி கிடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஜூனியர்: மாதம் எவ்வளவு சார்?

சீனியர்: 2024-ல் ஹைகோர்ட் மதுரைக்குச் சொன்ன இருபதாயிரம். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வாங்க. வரும்போது இந்தப் பிராதை விளம்புகையோடு திருப்பி எழுதிக்கொண்டு வாங்க. கோர்ட் கட்டணக் கணக்கும் சேர்த்து.