ஜோத்பூர் பட்டறைக்கு ஏர் கூலர் சரிப்படுமா: கணக்கும் என் முடிவும்

அண்ணே, வணக்கம்.

பாஸ்னி ஷெட்டுக்குக் கூலர் போடலாமா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். அம்பத்தூரில் இருந்துகொண்டு கூலரை நம்ப யாராலும் முடியாது, ஓட்டினால் அரை மணியில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு போன வருஷம் இங்கே நாமே செய்த கூத்து வேறு இருக்கிறது. ஆனாலும் இது ஊரைப் பொறுத்த விஷயம், அதனால் அளந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடலாம், ஆனால் கூரையை வெள்ளை அடித்த பிறகு, காற்று வெளியே போக வழி வைத்த பிறகு. மழைக்காலத்தில் பம்பை நிறுத்திவிட வேண்டும்.

அளந்தது இப்படி. ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்கினேன், ஒன்றின் குமிழில் நனைத்த மல் துணியைச் சுற்றி, இரண்டையும் ஒரு கட்டையில் கட்டி, ஷெட்டுக்கு வடக்கே நிழலில் நின்று ஒரு நிமிஷம் சுழற்றிவிட்டுப் படித்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். மே 20 முதல் 24 வரை, தினமும் மதியம் இரண்டரை மணிக்கு. நான்கு நாள் காய்ந்த குமிழ் 41.5-க்கும் 43-க்கும் நடுவே நின்றது, ஈரத் துணி சுற்றிய குமிழ் 21.5, இல்லை 22. ஐந்தாம் நாள் ஆந்தி என்கிற புழுதிப்புயல் அடித்து நாலு சொட்டுத் தூறல் விழுந்ததால் 38-க்கு 24 காட்டியது.

இந்த இரண்டாவது எண்தான் வெட் பல்ப். தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பதற்கு அதுதான் தரை, எவ்வளவு பெரிய கூலர் வாங்கினாலும் அதற்குக் கீழே காற்று இறங்காது. 42-க்கு 22 என்றால் நமக்கு 20 டிகிரி இறங்க இடம் இருக்கிறது, ஈரப்பதம் வெறும் 16 சதவீதம். சென்னையில் மே மதியம் 38 அடிக்கும்போது வெட் பல்ப் 27 பக்கம் நிற்கும், கடல் காற்று வந்தபிறகு காய்ந்த குமிழ் இறங்கும், ஈரக்குமிழ் அசையாது. அதனால்தான் அங்கே கூலர் என்றால் கோபம் வருகிறது. மானியில் 42 என்று பார்த்துப் பயப்படுகிறோமே, கூலரைப் பொறுத்தவரை அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும்.

150 மி.மீ. கனத் தேன்கூடு பேட் போட்ட தொழிற்சாலைக் கூலர் அந்த வித்தியாசத்தில் 85 சதவீதத்தை எடுக்கும் என்று வைத்திருக்கிறேன். பேட் வழியாகக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் இது நியாயமான எண். வீட்டுக் கூலரின் மரத்துருவல் பேட் 65 தாண்டினால் அதிகம்.

```
T_out = T_db - 0.85 * (T_db - T_wb)
42 - 0.85 * 20 = 25
```

25 டிகிரிக் காற்று, மே மாதம், ஜோத்பூரில், கம்ப்ரஸர் இல்லாமல். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து ஜன்னலில் தொங்கவிட்ட நம் தாத்தா காலத்து வேலைதான், மின்விசிறியும் பம்பும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. தூறல் விழுந்த அந்த ஐந்தாம் நாளுக்கும் போட்டுப் பார்த்தேன், 26 வருகிறது.

ஆனால் கூலர் வாயில் 25 என்பது ஷெட்டுக்குள் 25 ஆகாது, ஏமாறுவது இங்கேதான். உள்ளே எவ்வளவு சூடு சேர்கிறது என்று பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு லேசர் துப்பாக்கியைத் தகரத்தின் அடிப்பக்கம் காட்டினால் 61. அதன் கீழே ரேடியல் டிரில்லில் நிற்கும் பையன் தலையில் நனைத்த துண்டைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறான், பத்து நிமிஷத்தில் துண்டு காய்ந்துவிடுகிறது. அப்போது ஷெட்டுக்குள் காற்று 44. ஷெட் 20-க்கு 12 மீட்டர், உயரம் சராசரி 5. கூரை 240 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 150 வாட் என்று குறைத்துப் போட்டாலும் 36 கிலோவாட். லேத்துகள், கம்ப்ரஸர், வெல்டிங் எல்லாம் சேர்ந்து சராசரி 8. சுவர் 5, பன்னிரண்டு பேர் ஒன்றரை. மொத்தம் சுமார் 50 கிலோவாட், அதில் முக்கால்வாசி கூரை!

25-ல் உள்ளே வரும் காற்று 30-ல் வெளியே போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்தால், 50 கிலோவாட்டைத் தூக்க நொடிக்கு 8.7 கன மீட்டர் காற்று வேண்டும், மணிக்கு 31,000 கன மீட்டர் சொச்சம். ஷெட் கொள்ளளவு 1200 என்பதால் மணிக்கு 26 முறை காற்று முழுதாக மாற வேண்டும். கூரையில் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் கூரைச் சூடு 15 கிலோவாட் பக்கம் வந்துவிடும் என்பது என் கணிப்பு, மொத்தம் 30. உடனே காற்றுத் தேவை 19,000-க்கு இறங்குகிறது. பெயின்டுக்குக் கிட்டத்தட்ட 40 ஆயிரம் ஆகும், ஒரு கூலர் விலையைவிடக் குறைவு, கரண்டும் தின்னாது, மழைக்காலத்திலும் வேலை செய்யும். அதனால் இதைக் கூலருக்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூலரில் 18,000 கன மீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். டக்டும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் சுழலும் விசிறிக்கு உள்ள எண் அது. டக்ட், வளைவு, கிரில் எல்லாம் மாட்டினால் 13,000 கிடைத்தால் பெரிது, கணக்கை அதில்தான் போட்டிருக்கிறேன். இரண்டு கூலர் வைத்தால் 26,000, காற்று 22 முறை மாறும், பெயின்ட் அடித்த ஷெட்டில் சூடு 3.6 டிகிரிதான் ஏறும், அதாவது 29-க்குள் நிற்கும். ஒரே ஒரு கூலர் என்றால் 32. இன்றைய 44-ஓடு ஒப்பிட்டால் அதுவும் சொர்க்கம்தான், ஆனால் அது பழுதான அன்று ஒன்றுமே இருக்காது.

இப்போது போன வருஷக் கதை. இரண்டு வீட்டுக் கூலரை வாங்கி ஷெட்டுக்கு உள்ளே வைத்தோம், “குளிர் வெளியே போயிடும்” என்று ஷட்டரை இறக்கினோம். ஏசி பழக்கம்! கூலர் உள்ளே இருக்கும் ஈரக்காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சியது, வெட் பல்ப் ஏறிக்கொண்டே போனது, ஒரு மணி நேரத்தில் இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. கல் அறுக்கும் மெஷினுக்குக் கிரைண்டிங் முடித்து வைத்திருந்த நான்கு ஷாஃப்டில் மறுநாள் காலை செம்மண் தூவியது போலத் துரு. குறை கூலரிடம் இல்லை, நாம் காற்றை வெளியே விடவில்லை.

ஆகவே கூலர் இரண்டும் வெளியே, வடக்குச் சுவரில், நிழலில். மேற்கே வைத்தால் லூ என்கிற அனல்காற்று நேராகப் பேட்டில் அடித்து மணலை அப்பிவிடும். வெளியேறும் வழி எதிரே தெற்குச் சுவரில், மேல் பக்கமாக, மொத்தம் 3.6 சதுர மீட்டர். அப்போதுதான் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முட்டாமல் போகும். இப்போது அங்கே இருக்கும் ஜன்னல்களைக் கூட்டினால் 1.4-தான் தேறுகிறது, மீதிக்குத் தகரத்தை வெட்டி லூவர் வைக்க வேண்டும். டக்ட் 1000-க்கு 600 மி.மீ., கிரில்கள் மூன்று மீட்டர் உயரத்தில், லேத் வரிசையில் நிற்பவர்களின் தோளில் காற்று படும்படி. வெல்டிங் பே மட்டும் தெற்கு ஓரம், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில். கிரில் காற்று நேராக வெல்டிங் மேல் அடித்தால் சிஓ2 கேஸைத் தள்ளிவிடும், பீடு முழுக்கப் பொத்தல் விழும், அப்புறம் நீங்கள் வெல்டரைத்தான் திட்டுவீர்கள்.

துருவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கிரில் வாயில் ஈரப்பதம் 77 சதவீதம் இருக்கும், ஷெட் நடுவே 60 சொச்சம். பளபளப்பாக அரைத்த இரும்புக்கு 60 தாண்டுவதே நல்லதில்லை. சர்ஃபேஸ் கிரைண்டருக்கு நேரே கிரில் கூடாது, முடித்த வேலையை அன்றே எண்ணெய் தடவி வைக்க வேண்டும், கேஜ் அறையைத் தடுத்து அதற்கு மட்டும் ஒன்றரை டன் ஏசி.

ஜூலையில் மழைக்காற்று வந்ததும் 34-க்கு 27 என்ற மாதிரி ஆகிவிடும். வித்தியாசம் 7, கூலர் தருவது 6, உள்ளே ஈரப்பதம் 75. ஆட்களுக்குக் காகிதத்தில் கொஞ்சம் லாபம் இருக்கிறது, இரும்புக்கு முழு நஷ்டம். என் வரம்பு இது: வெட் பல்ப் 23 வரை யோசிக்காமல் ஓட்டலாம், 25 வரை கவனித்து ஓட்டலாம், அதைத் தாண்டினால், இல்லை வித்தியாசம் 8-க்குக் குறைந்தால், பம்பை நிறுத்தி விசிறி மட்டும். தினமும் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் அந்தக் கட்டையைச் சுழற்றிப் பலகையில் எழுதச் சொல்லிவிடலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், மழை விலகிய பிறகு அக்டோபரிலும் ஓடும், வருஷத்துக்கு நாலு மாதம் சுமார்.

கரண்ட் இரண்டு கூலருக்கும் பம்புக்கும் சேர்த்து 3 கிலோவாட்டுக்குள். இதே ஷெட்டை ஷட்டர் திறந்து மூடிக்கொண்டு ஏசியில் குளிர்விக்க 15 கிலோவாட் ஆவது போகும், அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்குக் கவலை தண்ணீர்தான். உச்ச வெயிலில் மணிக்கு 215 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது நல்ல தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்வாய்த் தண்ணீர் என்றால் மணிக்கு 70 லிட்டர் வடித்தால் போதும், ஒன்பது மணி நேர ஷிஃப்டுக்கு மொத்தம் 2600 லிட்டருக்குள் முடியும். நம் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1900, அதில் ஓட்டினால் ஆவியாகும் அளவுக்கே வடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு 3900, அப்படியும் ஒரே சீசனில் பேட் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். ஆனால் இந்திரா காந்தி கால்வாயைப் பராமரிப்புக்கு மூடுவது கோடை தொடங்கும்போதுதான், நமக்குத் தண்ணீர் மிக அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து ஊர் சப்ளை சுருங்கும். அதற்கு 10,000 லிட்டர் தொட்டி ஒன்று வேண்டும், நாலு நாள் தாங்கும், மிச்ச நாளுக்கு டேங்கர். வடித்த தண்ணீரைக் கழிவறைக்குத் திருப்பிவிடலாம். தொட்டியைச் சனிக்கிழமைதோறும் வடித்துக் காயவிட வேண்டும், இல்லையென்றால் பாசி, கொசு, நாற்றம் எல்லாம் வரும். ஆந்தி அடித்த மறுநாள் பேட்டைப் பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

கூலர், டக்ட், லூவர் எல்லாம் சேர்த்து 2.2 லட்சம் கேட்கிறார்கள், தொட்டி தனி. மழைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, அதனால் பெயின்டும் தெற்குச் சுவர் லூவரும் இந்த வாரமே, ஒரு கூலர் ஜூன் முதல் வாரம், இரண்டாவதும் தொட்டியும் அக்டோபருக்கு முன்னால் என்று பிரித்துக்கொள்ளலாம். பெயின்டர் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏறுவதாகச் சொல்கிறான், தகரம் ஆறியிருக்கும் நேரம் அதுதான். வெள்ளிக்கிழமைக்குள் 40 ஆயிரம் அனுப்பினால் ஆரம்பித்துவிடுகிறேன்.