எங்கள் பாம்பன் தெருவுக்கு, இந்த வருஷத்துப் பண்டிகை வாழ்த்துகள்

பொங்கலுக்கு, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் மதினிக்கும்

மதினி, பால் பொங்கியாச்சா? விடியும் முன்னே உங்கள் வாசலில் குலவைச் சத்தம் கேட்டது, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பல்கூட விளக்காமல் ஓடி வந்துவிட்டார்கள். திருவாதிரைக்கு உத்திரகோசமங்கை போனபோது, மரகத நடராசர் மேனியில் களைந்த சந்தனத்தில் கொஞ்சம் எங்கள் மாமியாருக்கும் வாங்கி வந்தீர்களே, அதை ஜெபமாலைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்தாலே வாசம். அண்ணே, ஊரில் போட்டிருக்கிற முண்டு மிளகாய்க்கு இந்தத் தடவை நல்ல விலை கிடைக்கணும். பழம் பறிக்கிற நேரத்தில் மழை வந்து கெடுக்காமல் இருக்கணும். அதைத்தான் காலைப் பூசையிலும் வேண்டிக்கொண்டேன். மதியம் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்துவிடுகிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு, எதிர்வீட்டு லாத்தாவுக்கு

லாத்தா, பெருநாள் வாழ்த்துகள்! உங்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் இந்த வருஷம் சேர்ந்தாற்போல வந்தது. சஹருக்கு உங்கள் அடுப்படி விளக்கு எரியும்போது, கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட நானும் எழுந்திருப்பேன். அந்த இருட்டில் ஜன்னல் வழியே "என்ன, எழுந்துட்டியா?" என்று நீங்கள் கேட்பது இனி இருக்காதே என்று நினைத்தாலே என்னவோ போலிருக்கிறது. சின்னவன் முதல் தடவையாக முழு நோன்பும் பிடித்துவிட்டான். கடைசி நாள் சாயங்காலம் உதடெல்லாம் காய்ந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தண்ணி தரவா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினானே, அந்தப் பிள்ளையை அல்லாஹ் நல்லா வைக்கணும். நாங்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, நோன்போடு எங்கள் மாமியாருக்கு மூன்று வேளையும் பார்த்துக் கொடுத்தீர்கள். அதை மறக்க மாட்டேன். சவூதியில் இருக்கிற மாப்பிள்ளை அடுத்த பெருநாளைக்கு இங்கேயே இருக்கட்டும். அப்புறம், கீழக்கரை உம்மா கிண்டி அனுப்புகிற தொதலில் எங்கள் பங்கை எடுத்து வையுங்கள்.

பக்ரீத்துக்கு, முனை வீட்டு மாமாவுக்கு

மாமா, ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் நங்கூரம் போட்டுக் கிடக்கிற இந்த 61 நாளும் எங்கள் வீடுகளில் கை இறுக்கம்தான். அது தெரிந்துதான் வருஷா வருஷம் குர்பானிப் பங்கை முதலில் எங்கள் பக்கம் கொடுத்து அனுப்புகிறீர்கள். உங்களுக்கு முட்டி வலி குறைந்து, இன்னும் நிறைய பெருநாள் தொழுகைக்கு நடந்தே போகணும். ஜூன் 15 தொழிலுக்குப் போனதும் முதல் வலையில் கிடைக்கிற நல்ல மீன் உங்கள் வீட்டுக்குத்தான்.

தலைத் தீபாவளிக்கு, தையல்கடைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, மாப்பிள்ளையோடு வந்து சேர்ந்தாச்சா? உன் முகத்தைப் பார்க்கத் தெருவே காத்திருக்கிறது. மழை விடாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டுத் தாழ்வாரம் பெரிசு, மத்தாப்பை அங்கே வந்து கொளுத்துங்கள். ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில். மாப்பிள்ளைக்கு நண்டு பிடிக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்.