மூத்த தரப் பொறியாளர், ஓசூர் ஆலை: நோட்டீஸ் காலமும் பணியில் சேரும் தேதியும்

வணக்கம் கவிதா மேடம்,

நேற்று போனில் ஏப்ரல் 30-க்குள் சேர முடியுமா என்று கேட்டீர்கள். நீங்கள் ஆலைத் தரப்பில் சொல்லப்போகும் தேதி அங்கே திட்டத்தில் ஏறிவிடும் என்பதால், கணக்கை எழுத்தில் தருகிறேன்.

என் நோட்டீஸ் காலம்: 60 நாட்கள்.
பணியில் சேரக்கூடிய மிக முந்தைய உறுதியான தேதி: 14 மே 2026, வியாழக்கிழமை.
இதற்கான நிபந்தனை: ஆஃபர் லெட்டர் மார்ச் 11, புதன்கிழமை மாலைக்குள் கைக்கு வர வேண்டும்.

மார்ச் 12 அன்று ராஜினாமா கொடுப்பேன். எங்கள் நியமன ஆணைப்படி மறுநாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். இவை காலண்டர் நாட்கள். ஞாயிறு, ஏப்ரல் 14, மே 1 எல்லாம் கணக்கில் சேரும். மார்ச்சில் 19, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 11 என 60 நாட்கள் மே 11, திங்களன்று முடிகின்றன. ரிலீவிங் லெட்டர் வாங்கி ஓசூர் வந்து சேர இரண்டு நாட்கள் வைத்திருக்கிறேன்.

ஆஃபர் லெட்டர் எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ, சேரும் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். மார்ச் 16 அன்று வந்தால் மே 19-தான் சாத்தியம். சம்பளமும் பதவியும் பேசி முடித்துவிட்டோம், உண்மைதான். ஆனாலும் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் இல்லாமல் ராஜினாமா கொடுக்க மாட்டேன்; வாய்மொழி உறுதியோ 'அப்ரூவல் போய்க்கொண்டிருக்கிறது' என்ற தகவலோ எனக்குப் போதாது.

இனி ஏப்ரல் 30 பற்றி. மேலாளர் சம்மதித்தால் நோட்டீஸ் காலத்தில் அதிகபட்சம் 15 நாட்களைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள எங்கள் விதி இடம் தருகிறது. அப்படி நடந்தால் கடைசி நாள் ஏப்ரல் 26. ஏப்ரல் 29, புதன்கிழமை உங்களிடம் சேர்ந்துவிடலாம். அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுத்துப் பிடிப்பார்கள். என் அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபாய். 15 நாட்களுக்கு 21,000 ரூபாய் ஆகும். இதை உங்கள் நிறுவனம் திருப்பித் தருவதானால் ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இறுதிக் கணக்குத் தாளில் பிடித்தம் காட்டப்பட்டதும் அதன் நகலைத் தருகிறேன்.

ஆனால் இந்தத் தேதியை நம்பி லைன் சோதனைக்கு ஆள் ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் 21, 22 தேதிகளில் இங்கே ஐஏடிஎஃப் 16949 கண்காணிப்புத் தணிக்கை இருக்கிறது. அளவீட்டுக் கருவிகளின் கேலிபரேஷன் பதிவுகளும் வாடிக்கையாளர் புகார்க் கோப்புகளும் என் பொறுப்பு. தணிக்கையில் குறை ஏதும் எழுதப்பட்டால், அதற்கான திருத்த நடவடிக்கையை ஒப்படைக்கும் வரை மேலாளர் விடமாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ராஜினாமா கொடுக்கும் அன்றே இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுத்து, மார்ச் 27-க்குள் ஆம், இல்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதுவரை உங்கள் திட்டத்தில் மே 14 மட்டும் இருக்கட்டும்.

மீதமுள்ள விடுப்பை நோட்டீஸில் கழிக்க எங்கள் நிறுவனம் அனுமதிப்பதில்லை, பணமாகத்தான் தருவார்கள். நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் நீளும் என்பதால் ஒருநாள்கூட எடுப்பதாக இல்லை. மருத்துவப் பரிசோதனையை எனக்கு வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்க முடியுமா? மார்ச் 15 அல்லது 22 எனக்கு வசதி. குடும்பம் ஜூன் மாதம்தான் ஓசூருக்கு வருகிறது. அதனால் என் தேதி மாறாது.

சேரும் நாளன்று ராஜினாமா ஏற்பு மின்னஞ்சல், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, யுஏஎன் எண் ஆகியவற்றைக் கொண்டுவருவேன். அனுபவச் சான்றிதழ் இறுதிக் கணக்கோடுதான் வரும். அதற்கு மேலும் ஒரு மாதம் ஆகலாம். உங்கள் சேர்க்கைப் பட்டியலில் அது முதல் நாளே கட்டாயம் என்றிருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று: பின்னணிச் சரிபார்ப்புக்காக மார்ச் 12-க்கு முன் என் தற்போதைய நிறுவனத்தை யாரும் தொடர்புகொள்ளக் கூடாது. சரிபார்ப்பு ஏஜென்சிக்கும் இதைத் தெரியப்படுத்திவிடுங்கள். முந்தைய நிறுவனத்தை இன்றே விசாரிக்கலாம்.

மே 14 உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக உறுதிசெய்து, ஆஃபர் லெட்டரிலும் அதே தேதியைக் குறிப்பிடுங்கள். பகல் ஷிஃப்டில் போன் எடுக்க முடியாது, மாலை 5.30-க்கு மேல் பேசலாம்.

நன்றியுடன்,
செந்தில்
5 மார்ச் 2026