வீட்டைக் காலி செய்யக் கோரும் அறிவிப்பு: தமிழாக்கம்

அக்கா, உங்களுக்கு வந்த ஆங்கிலக் கடிதம் வரி விடாமல் கீழே இருக்கிறது. சதுர அடைப்புக்குள் உள்ளவை மட்டும் என் விளக்கம். மற்றதெல்லாம் வீட்டுக்காரர் எழுதியது. படிக்கும்போது மிரட்டுவது போலத் தோன்றும். அதில் பாதி, வக்கீல் ஆபீசில் காலங்காலமாகப் புழங்கும் ஆங்கிலத்தின் விறைப்பு. நீங்கள் பார்க்க வேண்டியவை தேதிகளும் தொகைகளும்தான்.

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்
நாள்: 2 ஜூன் 2025

பெறுநர்: கீழ்த்தள வாடகைதாரர், பெட்ஃபோர்டு, குன்னூர்.

பொருள்: வாடகை உரிமையை முடித்து, வீட்டை ஒப்படைக்கக் கோருதல்.

அம்மையீர்,

1. மேற்படி வீட்டின் கீழ்த்தளத்தை (கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, பின்பக்க விறகுக் கொட்டகை) 1 ஜூலை 2023 முதல் பதினோரு மாத ஒப்பந்தத்தின் பேரில் நீங்கள் அனுபவித்து வருகிறீர்கள். வாடகை மாதம் ₹8,500. முன்பணம் ₹25,000. ஒப்பந்தம் 31 மே 2024-இல் முடிந்தது. புதிதாக எழுதவில்லை. அன்று முதல் மாதாந்தர வாடகைதாரராக நீடிக்கிறீர்கள்.

[முன்பணம் என்பது நீங்கள் கொடுத்த அட்வான்ஸ். ஒப்பந்தம் முடிந்து போனதாலேயே நீங்கள் அத்துமீறி இருப்பவர் ஆகிவிடவில்லை. மாதா மாதம் வாடகை வாங்கியதை அவரே இந்தப் பத்தியில் ஒப்புக்கொள்கிறார்.]

2. வீட்டின் பின்புறமுள்ள கருங்கல் தடுப்புச் சுவர், சமையலறையை ஒட்டிய 9 மீட்டர் நீளத்துக்கு வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருக்கிறது. சுவரில் விட்டிருந்த நீர்த்துளைகள் மண்ணும் வேரும் ஏறி அடைந்துவிட்டதால், மழைநீர் வெளியேறாமல் சுவருக்குப் பின்னாலேயே தேங்கி அழுத்துகிறது. 17 மே அன்று பார்வையிட்ட பொறியாளர், சுவரைப் பிரித்து, அடியில் கான்கிரீட் இட்டு, பின்புறம் ஜல்லி நிரப்பி மீண்டும் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துள்ளார். சமையலறையின் பின்சுவரோரம் 1.5 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டியிருப்பதால், ஆள் குடியிருக்கும்போது இந்த வேலையைச் செய்ய இயலாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க, செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கியாக வேண்டும்.

[காரணம் பொய்யாகத் தெரியவில்லை. 2009 நவம்பர் மண்சரிவை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பொறியாளர் எழுதிக் கொடுத்ததன் நகல் கடிதத்தோடு வரவில்லை. அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.]

3. ஆகவே, 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 106-இன்படி உங்கள் மாதாந்தர வாடகை உரிமையை இதன் மூலம் முடிக்கிறேன். 31 ஆகஸ்ட் 2025 அன்றோ அதற்கு முன்போ மேற்படி வீட்டைச் சச்சரவின்றி, முழுதும் காலியான நிலையில் என்னிடம் ஒப்படைக்குமாறு கோருகிறேன்.

[“கோருகிறேன்” என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், நேரடியாகப் பெயர்த்தால் “இதனால் அழைக்கப்படுகிறீர்கள்” என்று வரும். உங்கள் தம்பி அதைப் படித்துவிட்டுக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னது இதனால்தான். அப்படி இல்லை. இது சம்மன் அல்ல, வீட்டுக்காரரின் கடிதம். பிரிவு 106-இல் மாத வாடகைக்குக் குறைந்தபட்ச அவகாசம் பதினைந்து நாள். அது கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியது 6 ஜூன். அவர் கொடுத்திருப்பது அதைவிட மிக அதிகம்.]

4. இவ்வறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் தாங்கள் வெளியேறும் நாளை எழுத்து மூலம் உறுதி செய்து, வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

[இதுதான் உங்களைக் கலங்கடித்த வரி. நானும் மூன்று முறை படித்தேன். 30 நாள் என்றால் 6 ஜூலை. மேலே 31 ஆகஸ்ட் என்கிறார். ஜூலைக்குள் பதில் எழுதி, ஆகஸ்டுக்குள் காலி செய்தால் போதும் என்பதே அவர் எண்ணமாக இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு வினையும் ஒரே கெடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நான் அதைச் சரி செய்து பெயர்த்தால் பிழை மறைந்துவிடும். எனவே உள்ளபடியே விட்டிருக்கிறேன்.]

5. ஜனவரி 2025 முதல் வாடகை ₹9,000 எனத் தொலைபேசியில் பேசி முடிவானது. தாங்கள் ₹8,500 மட்டுமே அனுப்பி வருகிறீர்கள். மே வரை ஐந்து மாதங்களுக்கு நிலுவை ₹2,500. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகையும் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும்.

[நீங்கள் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறீர்கள். அப்படியானால் பதிலில் எழுதியே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அவர் சொல்லலாம். ஆனால் அந்தக் கோபத்தில் மாத வாடகை ₹8,500-ஐ நிறுத்திவிடாதீர்கள். இன்று உங்கள் பேரில் வாடகை பாக்கி என்ற குறை இல்லை. நீங்களே அதை உண்டாக்கிக் கொடுக்க வேண்டாம்.]

6. சாவி ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், மேற்படி நிலுவை, மின்கட்டண பாக்கி, சேதங்களுக்கான செலவு ஆகியவை கழிக்கப்பட்டு முன்பணம் திருப்பித் தரப்படும். இயல்பான தேய்மானம் சேதமாகக் கருதப்படாது. படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் படிந்ததற்கு வண்ணம் பூச ₹6,000 கழிக்கப்படும்.

[இந்தப் பத்தியில் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. தண்ணீர் தேங்கும் சுவரை ஒட்டிய அறையில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் வந்தால் அது உங்கள் கைவேலையா? அந்தச் சுவரில் நீர் தேங்குவதை அவரே 2-ஆம் பத்தியில் எழுதியிருக்கிறார். அறையை இன்றே போட்டோ எடுங்கள். அலமாரியைத் தள்ளி, பின்சுவரின் அடிப்பகுதியும் தெரியும்படி.]

7. ஒப்படைக்கும் நாளில் மின்மீட்டர் அளவை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கீசர், இரண்டு மின்விளக்குத் தொகுதிகள், வாசற்கதவின் மூன்று சாவிகள் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும்.

8. தவறும் பட்சத்தில், எனக்குள்ள பிற உரிமைகளுக்குப் பாதகமின்றி, 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு தாக்கல் செய்யவும், உரிமையின்றித் தங்கிய காலத்துக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் கோரவும் நேரிடும் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

[“பாதகமின்றி” என்றால், இங்கே சொல்லாத உரிமையையும் கைவிடவில்லை என்று பொருள், வக்கீல் கடிதங்களில் எப்போதும் வரும். “நேரிடும்” என்பது இனிமேல் நடக்கக்கூடியது. வழக்கு எதுவும் போடப்படவில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் பூட்டுப் போடவோ, சாமானை வெளியே எடுத்து வைக்கவோ முடியாது. தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. போலீஸ் என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை.]

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
(ஒப்பம்)

அக்கா, 4-ஆம் பத்திக்குப் பதிலாக அவருக்கு அனுப்ப வேண்டிய வரி இது: “தங்கள் 2.6.2025 கடிதம் 6.6.2025 அன்று கிடைத்தது. பத்தி 3-இல் 31 ஆகஸ்ட் என்றும் பத்தி 4-இல் 30 நாட்கள் என்றும் உள்ளது. கடைசி நாள் 31 ஆகஸ்ட்தான் என்று எழுத்தில் தெரிவிக்கவும். பொறியாளர் அறிக்கையின் நகலும் அனுப்பவும். ₹500 வாடகை உயர்வுக்கும் ₹6,000 கழிவுக்கும் நான் சம்மதிக்கவில்லை.” நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் போடுங்கள்.