பெர்மிட் ஓரிடத்துக்கு, பள்ளம் இன்னோரிடத்தில்: வெருகல் ஆற்றங்கரையில் இரவு மண் அள்ளல்

ஊர்த்துறையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. மார்ச் மாதம் அதன் அடியிலிருந்து கரை விளிம்புவரை நடந்தால் பதினொரு எட்டு இருந்தது. ஜூலையில் மூன்று எட்டு. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மரமே ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது, வேர்கள் வானத்தைப் பார்த்தபடி. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் நின்று தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பவர், அந்த மரத்தடியில் நீச்சல் பழகிய ஒரு கமக்காரர்.

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கில், மகாவலியிலிருந்து பிரிந்து வெருகல் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிற வெருகல் ஆற்றின் கரையில் இந்த ஊர் இருக்கிறது. ஊரின் பெயரையும் பேசியவர்களின் பெயர்களையும் எழுதவில்லை. அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள், கேட்டதற்குக் காரணமும் இருக்கிறது. டிப்பர்கள் போகிற பாதையில்தான் அவர்களுடைய வீடுகள்.

"பகல்ல வந்து பார்த்தா ஒண்டும் தெரியாது பிள்ளை," என்றார் துறையிலிருந்து நான்காவது வீட்டில் இருக்கும் அம்மா. "பத்தரை, பதினொண்டுக்குப் பிறகுதான் சத்தம் தொடங்கும். முதல்ல பெக்கோ வரும், அதுக்குப் பின்னால டிப்பர். வீட்டுச் சுவர் அதிரும். விடியக் காலம நாலு மணிக்கு எல்லாம் போயிரும்."

அவருடைய கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தந்தார். வாயில் வைத்ததுமே உவர்ப்புத் தெரிந்தது. போன வருடம்வரை அந்தத் தண்ணீரில்தான் சோறு சமைத்திருக்கிறார். இப்போது குடிக்கிற தண்ணீருக்கு மகன் சைக்கிளில் இரண்டு கலன் கட்டிக்கொண்டு பாடசாலைப் பக்கம் போய்வருகிறான். ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால் கடல்நீர் முகத்துவாரம் வழியாக இன்னும் மேலே ஏறும், கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். இந்தக் கிணறு உவர்த்ததற்கு மண் அள்ளியது மட்டும்தான் காரணம் என்று சோதனை செய்யாமல் சொல்ல முடியாது. ஆனால் துறைக்குக் கிட்ட உள்ள ஐந்து கிணறுகளில் நான்கு இந்த ஒரே கோடையில் உவர்த்திருக்கின்றன. உள்ளே தள்ளியிருக்கும் கிணறுகள் அப்படியே நன்னீராக இருக்கின்றன.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் எங்களுக்குக் கொடுத்தவை 64 படங்கள். மங்கலானவற்றையும் இடம் எதுவென்று உறுதிப்படுத்த முடியாதவற்றையும் கழித்தோம். மிஞ்சியது 27. ஒவ்வொன்றும் எடுத்த திகதி, நேரம், இடப்புள்ளி கோப்பிலேயே பதிவாகியிருக்கிற மூலப் படம். வட்ஸ்அப் வழியாக வந்தவற்றில் அந்த விவரம் அழிந்துவிடும் என்பதால், நாங்களே நேரில் போய்க் கைத்தொலைபேசிகளிலிருந்து பிரதி எடுத்தோம். வாகன இலக்கங்கள் தெரியும் படங்களை அதிகாரிகளிடம் அப்படியே கொடுத்தோம். இங்கே வெளியிடும்போது மறைத்திருக்கிறோம்.

படம் 1: ஜூன் 18, இரவு 11.52. பெக்கோ ஒன்று ஆற்றுக்குள் நிற்கிறது. அதன் விளக்கு வெளிச்சத்தில் பின்னால் ஒரு டிப்பரின் பாதி உடல்.

படம் 2: மறுநாள் காலை, அதே இடம். கரையை வெட்டி இறக்கிய பாதை. சக்கரம் புதையாமல் இருக்கத் தென்னோலை பரப்பியிருக்கிறார்கள். ஓலை நசுங்கிய தடத்தில் இரட்டைச் சக்கரத்தின் அச்சு தெளிவாகத் தெரிகிறது.

படம் 3: ஜூலை 9. மூங்கில் கழியில் அடிக்கணக்குக் குறித்துப் பள்ளத்துக்குள் ஊன்றியிருக்கிறார் ஓர் இளைஞர். தண்ணீர் அவருடைய நெஞ்சளவு. கழியில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்பது அடி போய்விட்டது. அவர் நிற்பது பள்ளத்தின் விளிம்பில்.

கடைசிப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த பயத்தை இங்கே மறைக்கவில்லை. ஆவணி மாதம் வெருகலம்பதி சித்திர வேலாயுதர் கோவில் திருவிழாவுக்கு வெளியூர் ஆட்கள் வந்து இதே ஆற்றில் இறங்குகிறார்கள். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த எட்டு வைக்கிற பிள்ளைக்கு ஒன்பது அடிப் பள்ளம் இருப்பது எப்படித் தெரியும்?

அந்த அம்மாவின் மகள் ஒரு 80 பக்கக் கொப்பியில் கணக்கு எழுதி வருகிறார். உயர்தரம் படிக்கிறவர், இரவில் விழித்துப் படிக்கும்போது எழுதியது. திகதி, நேரம், எத்தனை டிப்பர், வெறுமையாக வந்ததா, நிறைந்து போனதா. 22 இரவுகளில் நிறைந்து போன டிப்பர்கள் 131. டிப்பருக்கு மூன்று கியூப் என்று வைத்தால் 393 கியூப் வருகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 1100 கன மீட்டர் மண். எல்லா டிப்பரும் மூன்று கியூப் ஏற்றியதா என்பது எங்களுக்கு உறுதியில்லை. இது ஒரு வீட்டைக் கடந்துபோன வாகனங்களின் கணக்கு மட்டும்தான்.

மண் ஏற்றப் போன ஓர் இளைஞரும் எங்களுடன் பேசினார். ஓர் இரவுக்கு 3500 ரூபாய் கிடைக்கிறது என்றார். "வயல் வேலை முடிஞ்சா இங்க வேற என்ன இருக்கு? பிடிபட்டா நாங்கதான் உள்ள போவம். மண் போற இடத்துல இருக்கிறவருக்கு எங்கட பேரும் தெரியாது." 2019 ஜனவரியில் கிண்ணியாவில், சட்டவிரோத மண் அகழ்வைத் தடுக்கக் கடற்படை போனபோது ஆற்றில் குதித்த இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். கூலிக்குப் போகிறவர்களைத் துரத்துவதால் மட்டும் இது நிற்காது என்று நான் நம்புவதற்கு அந்த மரணங்களும் ஒரு காரணம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்று மண் அகழ்வது குற்றம். அனுமதிப்பத்திரம் எந்தத் துண்டு நிலத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தத் துண்டுக்கு மட்டும்தான் செல்லும். ஏற்றிச் செல்லவும் தனி அனுமதி வேண்டும். 2019 டிசம்பரில் ஏற்றிச் செல்ல அந்த அனுமதி தேவையில்லை என்று அரசு அறிவித்தபோது நாடு முழுவதும் டிப்பர்கள் கட்டுப்பாடின்றி ஓடியதை ஆற்றங்கரைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஜூன் முதல் வாரத்தில் மாவட்டச் சுரங்க அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 19 ஆவது வேலை நாளில் பதில் வந்தது. நாங்கள் கேட்டவையும் அவர்கள் எழுதியதும் இவை.

இந்த ஆற்றுப் பகுதியில் எத்தனை அனுமதிப்பத்திரங்கள் நடைமுறையில் உள்ளன? "ஒன்று."

அதன் நிபந்தனைகள் என்ன? "மாதத்துக்கு 100 கியூப். மண்வெட்டி போன்ற கைக்கருவிகள் மட்டும். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. இயந்திரங்கள் பயன்படுத்த அனுமதியில்லை."

முறைப்பாடுகள் கிடைத்தனவா, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? "நான்கு முறைப்பாடுகள் கிடைத்துள்ளன. மூன்று கள ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. ஆய்வின்போது இயந்திரங்கள் எவையும் காணப்படவில்லை."

பதிலோடு அனுமதிக்கப்பட்ட துண்டின் வரைபடமும் இருந்தது. அதன் மூலைப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து பார்த்தோம். அந்தத் துண்டு, ஊர்த்துறைக்கு மேலே 1.8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே புல் முளைத்திருந்தது. மண்வெட்டி பட்ட அடையாளம்கூட இல்லை. எங்களிடம் இருக்கிற 27 படங்களில் ஒன்றுகூட அந்தத் துண்டுக்குள் எடுக்கப்பட்டதல்ல, ஏனென்றால் அங்கே படம் எடுக்க எதுவும் நடக்கவில்லை. பொலிஸார் வழியில் மறித்தால் காட்டப்படுவது அந்தத் துண்டின் பெர்மிட்தான் என்று டிப்பரில் போய்வந்த இளைஞர் சொன்னார்.

மூன்று கள ஆய்வுகளின் நேரத்தையும் கேட்டு மறுபடி எழுதினோம். மூன்றும் முற்பகலில் நடந்தவை. அலுவலகத்தின் பொறுப்பான அதிகாரி ஒருவர் தொலைபேசியில் பேசினார். பெயர் வேண்டாம் என்றார். "முழு மாவட்டத்துக்கும் எங்களிட்ட ஒரு வாகனம்தான். இரவுல போறதெண்டா பொலிஸ் வேணும். பொலிஸுக்கு அறிவிச்சு நாங்க போய்ச் சேர முதல் அங்க தகவல் போயிரும்." இதை அவர் சாக்காகச் சொல்லவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னார். ஆளும் வாகனமும் இல்லாத அலுவலகம் ஓர் ஆற்றைக் காக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பகலில் போய் "காணப்படவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடுவதற்கு வாகனக் குறைவு காரணமாக முடியாது. பெக்கோ இல்லாவிட்டாலும் பள்ளம் அங்கேயே இருந்தது. தென்னோலைப் பாதையும் இருந்தது.

அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரையும் தொடர்புகொண்டோம். தான் இந்த வருடம் மண்ணே எடுக்கவில்லை என்றும், துறையில் அள்ளுகிறவர்கள் யாரென்று தெரியாது என்றும் சொன்னார். அவருடைய பெர்மிட்டின் பிரதி மற்றவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டதற்குப் பதில் தரவில்லை.

ஆறு தானாக மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். மாரியில் வெள்ளம் வந்தால் பள்ளம் தூர்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று மேலே அணைகள் வந்த பிறகு மலையிலிருந்து வரும் மண்ணில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. இங்கே வந்து சேர்வது குறைவு, அள்ளிப் போவது அதிகம். பள்ளம் தூர்வதற்குப் பதிலாகக் கரை இடிந்து அதற்குள் விழுகிறது. மருத மரம் அப்படித்தான் விழுந்தது. அதன் வேர்தான் அந்தத் துறையின் கரையைப் பிடித்துவைத்திருந்தது. மரம் நின்ற இடத்துக்குப் பின்னால் 40 எட்டில் வயல் வரம்பு தொடங்குகிறது.

படங்களையும் கொப்பியின் பிரதியையும் இடப்புள்ளிகளையும் சேர்த்துச் சுரங்க அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கையளித்த பிறகு, ஓகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு கூட்டுக் கள ஆய்வு நடந்தது. அதுவும் பகலில்தான். ஆனால் இந்தமுறை அதிகாரிகள் பள்ளத்தை அளந்தார்கள். நாடாவின் ஒரு நுனியை ஊர் இளைஞர் பிடித்துக்கொண்டார், மற்ற நுனியை அலுவலர். 31 அடி நீளம், 9 அடி ஆழம் என்று அலுவலர் தன் கையால் எழுதினார். டிப்பர் இறங்கும் பாதைக்குக் குறுக்கே அன்று மாலையே அகழி வெட்டப்பட்டது. அறிக்கை தயாராகிறது என்றும், அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவது பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும் அலுவலகம் எங்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறது. அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு இரண்டாவது தகவல் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

அகழி வெட்டிய பிறகு நான்கு இரவுகள் ஊர் நிம்மதியாகத் தூங்கியது. ஐந்தாவது இரவு கொப்பியில் அந்தப் பிள்ளை எழுதியிருப்பது: "11.40. வெறும் டிப்பர் 2. துறையால வரயில்ல. தென்னந்தோட்டத்துக்குப் பின்னால இருந்து சத்தம்."