குரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும்: பத்து மதிப்பெண் விடைக்கு ஒரு குறிப்பு

இறுதியாண்டு மருத்துவத் தேர்வில் இந்த இரண்டு குடல் அழற்சி நோய்களையும் வேறுபடுத்திக் காட்டச் சொல்லும் கேள்வி வந்ததும் பலரும் ஸ்கேலை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இரு பக்கமும் இருபது வரி நிரப்புகிறார்கள். அட்டவணை இருக்கட்டும். ஆனால் அதை வரிவரியாக மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் இடது வலதாக மாறிப்போகும், எனக்கு மாறியிருக்கிறது. அழற்சி குடல்சுவரில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொலைட்டிஸ் மேலாகப் படரும், இடைவெளி விடாது. குரோன் ஆழமாக இறங்கும், விட்டுவிட்டு வரும். விடையின் முதல் வரியாக இதையே எழுதலாம்.

இடம்

கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, நடுவில் ஓர் அங்குலம்கூட விடாமல் மேலே ஏறும். மலக்குடலோடு நின்றால் புரோக்டைட்டிஸ், மண்ணீரல் வளைவு வரை போனால் இடப்பக்கக் கொலைட்டிஸ், அதையும் தாண்டினால் பான்கொலைட்டிஸ். சிறுகுடலுக்குப் போகாது. பெருங்குடல் முழுவதும் பாதிக்கப்பட்ட சிலருக்கு மட்டும் இலியத்தின் கடைசிப் பகுதி லேசாகச் சிவந்திருக்கும். அது பேக்வாஷ் இலியைட்டிஸ். இதைப் பார்த்துக் குரோன் என்று எழுதிவிடாதீர்கள்.

குரோன் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அதற்குப் பிடித்த இடம் இலியத்தின் கடைமுனையும் சீக்கமும். 1932இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் மூவரும் இதை விவரித்தபோது வைத்த பெயரே 'ரீஜனல் இலியைட்டிஸ்'. மலக்குடல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆசனவாயைச் சுற்றி வெடிப்பு, சீழ்க்கட்டி, பவுத்திரம் வரும். பவுத்திரத்துக்குப் பலமுறை அறுவை செய்துகொண்ட இளைஞர் எடையும் குறைந்து வந்தால், குடலைப் பற்றியும் கேட்க வேண்டும்.

நோய்க்கூறு

நோய்க்குறியியல் மியூசியத்தில் இந்த இரண்டு ஜாடிகளின் முன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். குரோன் ஜாடியில் குடல் ரப்பர் குழாய்போல் விறைத்திருக்கும். சுவர் தடித்து உட்குழி ஒடுங்கியிருக்கும். பேரியம் படத்தில் நூல்போல் தெரிவது இந்த ஒடுக்கம்தான். மெசென்டரியின் மஞ்சள் கொழுப்பு குடலின் வெளிப்புறத்தைச் சுற்றி ஊர்ந்து ஏறியிருக்கும். உள்ளே நீளவாக்கில் ஆழமான புண்களும் குறுக்கே வெடிப்புகளும் ஓட, இடையில் வீங்கிய சளிச்சவ்வு கூழாங்கல் பாவிய தரைபோல் மேடுதட்டி நிற்கும். அதை ஒட்டியே நல்ல குடல் தொடங்கும்.

கொலைட்டிஸ் ஜாடியில் சுவர் தடித்திருக்காது, வெளிப்புறம் வழவழப்பாகவே இருக்கும். கேடெல்லாம் உள்ளேதான்: சிவந்த, தொட்டாலே கசியும் சளிச்சவ்வு, பரந்த ஆழமற்ற புண்கள், அவற்றுக்கிடையே மிஞ்சிய திட்டுகளாகப் போலிப் பாலிப்கள். நாள்பட்டால் ஹாஸ்ட்ரா மடிப்புகள் மறைந்து, படத்தில் ஈயக் குழாய்போல் தெரியும்.

நுண்ணோக்கியில் கொலைட்டிஸின் அழற்சி சளிச்சவ்வோடும் சப்மியூகோசாவோடும் நிற்கும். கிரிப்ட் சீழ்க்கட்டி, கிரிப்ட்கள் கோணுதல், கோப்லெட் செல்கள் குறைதல் ஆகியவற்றை எழுதுங்கள். ஆனால் கிரிப்ட் சீழ்க்கட்டி குரோனிலும் தென்படலாம், அதைத் தனி அடையாளமாக்க வேண்டாம். குரோனில் அழற்சி செரோசா வரை பாயும்; லிம்ஃபாய்டு திரள்கள், பிளவுப் புண்கள், உறைசிதைவில்லாத கிரானுலோமா ஆகியவை காணப்படும். கிரானுலோமா எல்லாப் பயாப்சியிலும் கிடைக்காது. இல்லை என்பதால் குரோன் இல்லை என்றாகாது.

இருக்கிறது என்பதால் குரோன்தான் என்றும் ஆகாது. வாய்மொழித் தேர்வில் கிரானுலோமா என்றதும் குரோன் என்று முந்திக்கொண்டேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, நீங்கள் எந்த நாட்டில் படிக்கிறீர்கள்?" என்றார். இலியோசீக்கல் பகுதியில் கிரானுலோமா என்றால் நம் ஊரில் காசநோயைக் கேட்காமல் நகரக் கூடாது. காசநோயில் கிரானுலோமா பெரியது, ஒன்றோடொன்று இணைந்தது, நடுவில் உறைசிதைவு உள்ளது. புண் குறுக்குவாட்டில் ஓடும். வால்வு சிதைந்து வாய் பிளந்து கிடக்கும். குரோனின் புண் நீளவாட்டில் ஓடும். பத்து மதிப்பெண் விடையில் இதற்கு மூன்று வரி கட்டாயம் ஒதுக்குங்கள்.

சிக்கல்கள்

இங்கேதான் ஆழம் கைகொடுக்கும். சுவரை முழுதாகத் துளைக்கும் நோய் பக்கத்து உறுப்போடு வழி திறக்கும், சீழ் கட்டும், தழும்பாகிச் சுருங்கும். ஃபிஸ்துலா, சீழ்க்கட்டி, குடலடைப்பு மூன்றும் குரோனின் சொத்து. சிறுநீர்ப்பைக்கு ஃபிஸ்துலா போனால் சிறுநீரோடு காற்று வரும். இலியம் கெட்டால் வைட்டமின் பி12 குறையும். பித்த உப்பு மீளாததால் பித்தக்கல் வரும். உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகக்கல்லாகும். இந்தச் சங்கிலியை அம்புக்குறி போட்டு வரையுங்கள்.

மேலாகப் படரும் நோய் ரத்தம் சிந்தும். கொலைட்டிஸில் சளியும் ரத்தமும் கலந்த வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. அழற்சி தன் எல்லை மீறித் தசையடுக்கைத் தொட்டால் குடல் தளர்ந்து உப்பும். சாதாரண எக்ஸ்ரேயில் குறுக்குப் பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேல் விரிந்து, நோயாளிக்கு நச்சு அறிகுறிகளும் இருந்தால் அது டாக்சிக் மெகாகோலன். அடுத்தது துளை விழுதல். புற்றுநோய் அபாயம் நோயின் காலத்தையும் பரப்பையும் பொறுத்தது. அறிகுறி தொடங்கி சுமார் 8 ஆண்டுகளில் கொலனோஸ்கோப்பிக் கண்காணிப்பு தொடங்க வேண்டும்; பெருங்குடலைப் பரவலாகப் பிடித்த குரோனுக்கும் இது பொருந்தும். கூடவே பிரைமரி ஸ்கிளிரோசிங் கொலாஞ்சைட்டிஸ் இருந்தால் கண்டறிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அந்தப் பித்தநாள நோய் கொலைட்டிஸோடுதான் அதிகம் சேரும்.

குடலுக்கு வெளியே எரித்தீமா நோடோசம், எபிஸ்கிளிரைட்டிஸ், பெருமூட்டு அழற்சி ஆகியவை குடல்நோயோடு ஏறி இறங்கும். முதுகெலும்பு அழற்சி தன் வழியில் போகும். புகைப்பழக்கம் குரோனை மோசமாக்கும், கொலைட்டிஸில் நேர் எதிர். அதற்காகக் கொலைட்டிஸ் நோயாளியிடம் புகைக்கச் சொல்வதில்லை.

சிகிச்சை

லேசான, நடுத்தரக் கொலைட்டிஸுக்கு மெசலமைன். மலக்குடல் வழியும் வாய்வழியும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல். எனிமாவை எழுதாமல் மாத்திரையோடு நிறுத்தும் விடைகளே அதிகம். குரோனில் மெசலமைனால் பெரிய பயனில்லை. அங்கே இலியோசீக்கல் நோய்க்கு பியூடசொனைடு, கடுமையானால் பிரெட்னிசொலோன், குழந்தைகளுக்கு முழு திரவ உணவுச் சிகிச்சை. ஸ்டீராய்டு இரண்டிலும் தீயை அணைக்கத்தான், நோயைத் தணிவிலேயே வைத்திருக்க அல்ல. அதற்கு அசதயோபிரின், குரோனில் மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. போதாவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள். அவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் டியூபர்குலின் அல்லது இன்டர்ஃபெரான் காமா பரிசோதனையும் செய்ய வேண்டும். பவுத்திரத்துக்குச் சீழை வடித்து, சீட்டன் நூல் போட்டு, பிறகே இன்ஃப்ளிக்சிமாப்.

தீவிரக் கொலைட்டிஸுக்கு ட்ரூலவ்–விட்ஸ் அளவுகோல்: நாளுக்கு 6 முறை அல்லது அதற்கு மேல் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கூடவே நாடி 90க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், இஎஸ்ஆர் 30க்கு மேல் என்பவற்றில் ஒன்றாவது. உள்நோயாளியாகச் சேர்த்து, சிரைவழி ஸ்டீராய்டும் ரத்த உறைவைத் தடுக்க ஹெப்பாரினும் கொடுக்க வேண்டும். ரத்தம் போகிறவருக்கு ஹெப்பாரினா என்று தயங்காதீர்கள், உறைவின் ஆபத்து பெரிது. மூன்றாம் நாள் மறுபார்வையில் தணியாவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது சைக்ளோஸ்போரின். அதற்கும் மசியாவிட்டால், மெகாகோலனாகிக் குடல் கிழியும்வரை காத்திராமல் கொலெக்டமி.

அறுவையிலும் அதே ஆழக் கணக்குத்தான். கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றி இலியத்தில் பை அமைத்தால் குடல்நோய் தீரும். பையில் பௌச்சைட்டிஸ் வரலாம் என்பதையும் எழுதுங்கள். குரோனில் வெட்டித் தீர்க்க முடியாது, வெட்டி இணைத்த இடத்திலேயே, பெரும்பாலும் இணைப்புக்குச் சற்று மேலே, நோய் திரும்பும். ஆகவே அடைப்பு, சீழ், துளை போன்ற சிக்கல்களுக்கு மட்டும் கத்தி. சுருக்கத்துக்கு முடிந்தவரை ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைந்த நீளம்.